டெல்டா 0.32 என்றால் 32% ஜெயிக்கும் வாய்ப்பா? இல்லை! கால் ஆப்ஷன் விலைக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு நிகழ்தகவுகள்

கேளம்பாக்கம் சந்திப்பில் காலை எட்டரை மணிக்கு சிறுசேரி சிப்காட் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தைக் கவனித்தால், பாதிப் பேர் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள். மீதிப் பேரில் சிலர் பச்சை, சிவப்பு எண்கள் ஓடும் ஆப்ஷன் செயின் பார்ப்பார்கள். ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறக்கும் முன் ஆபீஸ் போய்ச் சேர வேண்டுமே!

இந்தக் கூட்டத்துக்குச் சொல்ல செபியிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 2024 செப்டம்பரில் அது வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டார்கள். செலவுகளையும் சேர்த்து சராசரி நஷ்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். 2023-24இல் வர்த்தகம் செய்தவர்களில் 43% பேர் 30 வயதுக்குக் கீழே. அதாவது நம்ம செட்டு.

இந்த நஷ்டத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒரே ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். ஆப் திரையில் தெரியும் ‘டெல்டா’வை ‘இந்த ஆப்ஷன் ஜெயிக்கும் வாய்ப்பு’ என்று சொல்லித்தரும் வீடியோக்கள் ஏராளம். அது தவறு. எவ்வளவு தவறு, எந்தப் பக்கம் தவறு என்பது ஆப்ஷன் விலைச் சூத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில், சூத்திரம்

கால் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமை. அந்த விலைதான் ஸ்ட்ரைக். உரிமைக்கு இன்று நாம் கட்டும் தொகை பிரீமியம். அந்தத் தேதியில் மட்டுமே உரிமையைப் பயன்படுத்த முடியும் என்றால் அது ஐரோப்பிய வகை. என்எஸ்இ-யில் பங்கு ஆப்ஷன்கள் 2011 ஜனவரியிலிருந்து இந்த வகைதான். நடுவில் வேறொருவருக்கு விற்றுவிடலாம், ஆனால் உரிமையைப் பயன்படுத்துவது எக்ஸ்பைரி அன்றுதான்.

இந்த உரிமைக்கு என்ன விலை நியாயம்? ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் 1973இல் இதற்கு ஒரே வரியில் விடை எழுதினார்கள். அதே ஆண்டு ராபர்ட் மெர்ட்டன் அதை இன்னும் விரிவாக நிறுவினார். 1997இல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் 1995இலேயே இறந்துவிட்டார். டிவிடெண்ட் தராத பங்குக்கு அந்த விடை இது:

```
C  = S·N(d1) − K·e^(−rT)·N(d2)
d1 = [ln(S/K) + (r + σ²/2)·T] / (σ·√T)
d2 = d1 − σ·√T
```

S இன்றைய பங்கு விலை. K ஸ்ட்ரைக். T எக்ஸ்பைரிக்கு இருக்கும் காலம், ஆண்டுக் கணக்கில். r ரிஸ்க் இல்லாத வட்டி. σ என்பது பங்கு ஓராண்டில் எவ்வளவு ஆடும் என்ற வொலட்டிலிட்டி. N என்பது பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் பார்த்த மணி வடிவ இயல்நிலைப் பரவலில், ஓர் எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் மொத்தப் பரப்பு. எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவில் வரும்.

பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் கட்டமைப்பு ரொம்ப எளிது. ‘கைக்கு வருவது’ கழித்தல் ‘கையை விட்டுப் போவது’. அவ்வளவுதான். முதல் பகுதி, நமக்கு வரப்போகும் பங்கின் இன்றைய மதிப்பு. இரண்டாம் பகுதி, அதற்காக நாம் கட்டப்போகும் ஸ்ட்ரைக் பணத்தின் இன்றைய மதிப்பு.

கேள்வி இதுதான்: பங்கு வருவதும் பணம் போவதும் ஒரே சமயத்தில் நடப்பவை. ஆப்ஷனைப் பயன்படுத்தினால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது. அப்புறம் ஏன் இரண்டுக்கும் வேறு வேறு N?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

டிவிடெண்ட் தராத ஒரு பங்கு, இன்று 1,000 ரூபாய். ஸ்ட்ரைக் 1,050. எக்ஸ்பைரிக்குச் சரியாக ஒரு மாதம். வட்டி 6%, வொலட்டிலிட்டி 30%.

எண்களைப் போட்டால் d1 = −0.462, d2 = −0.549 வரும். N(d1) = 0.3219, N(d2) = 0.2915. முதல் பகுதி 321.92 ரூபாய். ஒரு மாத வட்டியைக் கழித்தால் 1,050 ரூபாயின் இன்றைய மதிப்பு 1,044.76. அதை 0.2915-ஆல் பெருக்கினால் 304.57. வித்தியாசம் 17.35 ரூபாய். இதுதான் கால் ஆப்ஷனின் விலை.

உங்கள் ஆப் இந்த ஆப்ஷனுக்கு டெல்டா 0.32 என்று காட்டும். அது N(d1). பங்கு விலை ஒரு ரூபாய் ஏறினால் ஆப்ஷன் விலை சுமார் 32 பைசா ஏறும் என்பதே அதன் அர்த்தம். எக்ஸ்பைரி அன்று பங்கு 1,050-ஐத் தாண்டி நிற்கும் வாய்ப்பு வேறு எண். அது N(d2), அதாவது 29%.

மனை கணக்கு

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் 100 மனை போட்ட ஒரு லேஅவுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா மனையும் ஒரே அளவு இல்லை. பெரிய மனைகள் 29 என்று வைத்துக்கொள்வோம். லேஅவுட்டின் மொத்த சதுர அடியில் அந்த 29 மனைகளின் பங்கு எவ்வளவு? 29 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். ஏனென்றால் அவை பெரிய மனைகள். எண்ணிக்கையில் 29, பரப்பில் 32.

பங்கிலும் இதே கதைதான். ஒரு மாதம் கழித்து வரக்கூடிய 100 எதிர்காலங்களை எழுதி வைத்தால், 29-இல் மட்டும் விலை 1,050-க்கு மேல் இருக்கும். இது எண்ணிக்கை, N(d2). ஆனால் அந்த 29 எதிர்காலங்களிலும் பங்கு விலை உயர்ந்திருக்கிறது. அதனால் நூறு எதிர்காலங்களின் மொத்தப் பங்கு மதிப்பில் 32% அந்த 29-க்குள் அடங்கிவிடுகிறது. இது மதிப்புக் கணக்கு, N(d1).

பங்கு வரும்போது அதன் மதிப்பு ஒவ்வோர் எதிர்காலத்திலும் வேறு வேறு. அதனால் முதல் பகுதிக்கு மதிப்பால் எடைபோட்ட நிகழ்தகவு தேவை. நாம் கட்டும் 1,050 ரூபாய் எந்த எதிர்காலத்திலும் 1,050 ரூபாய்தான். அதனால் இரண்டாம் பகுதிக்குச் சும்மா எண்ணிக்கை போதும். இரண்டு N இருப்பதற்கு இதுதான் காரணம்.

சந்தேகம் இருந்தால் வேறு வழியில் சரிபார்க்கலாம். அந்த 29 எதிர்காலங்களில் பங்கின் சராசரி விலை சுமார் 1,110 ரூபாய். 1,050 கட்டினால் மிச்சம் சுமார் 60. அது நடக்கும் வாய்ப்பு 0.2915. பெருக்கி, ஒரு மாத வட்டியைக் கழித்தால் திரும்ப அதே 17.35 பக்கம் வந்து நிற்கும். சூத்திரம் செய்வது இந்தக் கூட்டல் கழித்தலைத்தான்.

29% கூட லாப வாய்ப்பு இல்லை

இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். பங்கு 1,050-ஐத் தாண்டினால் ஆப்ஷனுக்கு மதிப்பு இருக்கும். நமக்கு லாபம் வருமா? நாம் 17.35 ரூபாய் ஏற்கெனவே கட்டிவிட்டோம். எக்ஸ்பைரி வரை வைத்திருப்பவருக்கு, பங்கு 1,067.35-ஐத் தாண்டினால்தான் போட்ட காசு திரும்பும். K இருக்கும் இடத்தில் 1,067.35 போட்டு N(d2)-ஐ மறுபடி கணக்கிட்டால் வருவது 23%. புரோக்கரேஜ், வரியெல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆக, ஒரே ஆப்ஷனுக்கு மூன்று எண்கள்: 32, 29, 23. திரையில் தெரிவது முதல் எண். நமக்குத் தேவை மூன்றாவது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 23% என்பதாலேயே அது மோசமான ஆப்ஷன் ஆகிவிடாது. பத்தில் இரண்டு முறை மட்டும் ஜெயித்தாலும் அப்போது நிறைய வந்தால் விலை நியாயமானதாக இருக்கலாம். பிரச்சினை, 32% என்று நினைத்து அதற்கேற்ற தைரியத்தில் பணம் போடுவதுதான். தொடர்ந்து நான்கு முறை போனால் ‘துரதிர்ஷ்டம்’ என்று நினைத்து ஐந்தாவது முறை இரட்டிப்பாகப் போடுவார்கள். 23% வாய்ப்பில் நான்கு முறை தொடர்ந்து தோற்பது சகஜம்.

K வெறும் எழுத்து அல்ல, உங்கள் பேங்க் பேலன்ஸ்

இரண்டாம் பகுதியில் இருக்கும் K-ஐ நிறைய பேர் காகிதக் கணக்காகவே பார்க்கிறார்கள். இந்தியாவில் அப்படி இல்லை. 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் டெலிவரி முறையில்தான் முடிக்கப்படுகின்றன. எக்ஸ்பைரி அன்று ஸ்ட்ரைக்கைத் தாண்டிய கால் ஆப்ஷன் கையில் இருந்தால், ஸ்ட்ரைக் பணத்தை முழுதாகக் கட்டி பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் உதாரணத்தில் ஒரு லாட் 600 பங்குகள் என்று வைப்போம். பிரீமியம் 10,410 ரூபாய். சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கினால் முடிகிற தொகை. ஆனால் கடைசி நாளில் பங்கு 1,055-இல் முடிந்தால் கட்ட வேண்டியது 6.3 லட்சம் ரூபாய். கைக்கு வரும் பங்குகளின் மதிப்பு 6.33 லட்சம். 3,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். கட்டிய பிரீமியத்தைக் கழித்தால் 7,410 ரூபாய் நஷ்டம். ‘ஸ்ட்ரைக்கைத் தாண்டிருச்சு’ என்ற சந்தோஷத்துக்கும் லாபத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் 29-க்கும் 23-க்கும் உள்ள வித்தியாசம். எக்ஸ்பைரி நெருங்கும் நாட்களில் புரோக்கர் திடீரென்று அதிக மார்ஜின் கேட்பதும் இந்த 6.3 லட்சத்துக்காகத்தான். அதற்கு முன்பே விற்று வெளியே வருவது நல்லது.

பங்கு ஏறியது, ஆப்ஷன் இறங்கியது. எப்படி?

சூத்திரத்தில் S, K, T, r நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. σ மட்டும் தெரியாது. இனி வரும் மாதத்தில் பங்கு எவ்வளவு ஆடும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஆப்கள் கணக்கைத் திருப்பிப் போடுகின்றன. சந்தையில் ஓடும் ஆப்ஷன் விலையை எடுத்து, எந்த σ போட்டால் சூத்திரம் அந்த விலையைத் தரும் என்று தேடுகின்றன. அந்த σ-தான் திரையில் தெரியும் ஐ.வி.

காலாண்டு முடிவு வரும் நாளுக்கு முன்னால் ஐ.வி. வீங்கும். நம் உதாரணத்தில் 30%-க்குப் பதில் 45% போட்டுப் பாருங்கள். ஆப்ஷன் விலை 17.35-லிருந்து 33.54 ஆகிவிடும். டெல்டாவும் 0.39 ஆகும். ‘வாய்ப்பு கூடியிருக்கு’ என்று நினைத்து ஒருவர் வாங்குகிறார்.

மறுநாள் நல்ல ரிசல்ட். பங்கு 2% ஏறி 1,020. ஆனால் ரகசியம் உடைந்துவிட்டதால் ஐ.வி. மறுபடி 30%-க்கு வந்துவிடுகிறது. அதே ஒரு மாதக் கணக்கிலேயே ஆப்ஷன் விலை 24.63. ஒரு நாள் கழிந்ததைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும். கணித்த திசை சரி, ஆனாலும் 600 பங்கு லாட்டுக்கு 5,300 ரூபாய்க்கு மேல் நஷ்டம். ‘மார்க்கெட்ல ஏதோ தில்லுமுல்லு’ என்று புலம்புவதற்கு முன் வாங்கிய நாளின் ஐ.வி.யையும் இன்றைய ஐ.வி.யையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

ஈசாப் கடிதம் வைத்திருப்பவர்களுக்கு

டிரேடிங் பக்கமே போகாதவர்களுக்கும் இந்த இரண்டு N முக்கியம். ஓஎம்ஆர் பக்கம் ஸ்டார்ட்அப்களில் சேர்பவர்களுக்கு ஈசாப் தருகிறார்கள். ஈசாப்பும் ஒருவகை கால் ஆப்ஷன்தான். இந்தியக் கணக்கியல் தரநிலை இண்ட் ஏஎஸ் 102-ஐப் பின்பற்றும் நிறுவனங்கள் ஈசாப்பின் நியாய மதிப்பைக் கணக்கில் காட்ட வேண்டும். அதற்கு பிளாக் - ஷோல்ஸ் பரவலாகப் பயன்படுகிறது.

பங்கு 100 ரூபாய், ஸ்ட்ரைக்கும் 100 ரூபாய், காலம் 4 ஆண்டு, வொலட்டிலிட்டி 40%, வட்டி 6% என்று வையுங்கள். d1 = 0.70, d2 = −0.10. N(d1) = 0.758, N(d2) = 0.460. விலை 39.61 ரூபாய்.

இப்போது இடைவெளியைப் பாருங்கள். ஒரு மாத ஆப்ஷனில் மூன்று புள்ளி வித்தியாசம். இங்கே டெல்டா 76, ஆனால் பயன்படுத்தும் வாய்ப்பு 46. காரணம், இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் σ√T. காலமும் ஆட்டமும் கூடக் கூட அது விரிகிறது. σ இன்னும் ஏறினால் N(d1) ஒன்றை நோக்கிப் போகும், N(d2) பூஜ்யத்தை நோக்கிப் போகும். அதாவது ஆப்ஷனின் விலை ஏறும், அது பயன்படும் வாய்ப்பு குறையும். மொத்த மதிப்பும் எப்போதாவது வரும் சில பெரிய வெற்றிகளுக்குள் போய் அடைந்துகொள்கிறது. ஒரு ஸ்டார்ட்அப் ‘உங்கள் ஈசாப் மதிப்பு இவ்வளவு லட்சம்’ என்று சொல்லும்போது, அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட எதிர்காலங்களில் அதன் மதிப்பு பூஜ்யம் என்பதும் அதே சூத்திரத்திலேயே இருக்கிறது. போதாததற்கு ஈசாப்பை நடுவில் விற்கவும் முடியாது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஈசாப் வாங்கும் முன் இந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.

சூத்திரம் எங்கே சறுக்கும்?

முதலாவது, டிவிடெண்ட். சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டிசிஎஸ் ஆண்டுக்குப் பல முறை டிவிடெண்ட் தரும் நிறுவனம். டிவிடெண்ட் போனதும் பங்கு விலை அந்த அளவுக்கு இறங்கும், கால் வைத்திருப்பவருக்கு அந்தப் பணம் கிடைக்காது. இந்தச் சூத்திரத்தை அப்படியே அங்கே போட்டால் விலை அதிகமாக வரும். எக்ஸ்பைரிக்குள் வரப்போகும் டிவிடெண்டின் இன்றைய மதிப்பை S-லிருந்து கழித்துவிட்டுப் போட வேண்டும்.

இரண்டாவது, இந்த 29 சதவீதமும் 23 சதவீதமும் நிஜ உலக ஆரூடம் அல்ல. பங்கு ரிஸ்க் இல்லாத வட்டி வேகத்தில்தான் வளரும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஒரு மாத அளவில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. நான்கு ஆண்டு ஈசாப்பில் வரும்.

மூன்றாவது, மணி வடிவம். நிஜச் சந்தையில் ஒரே நாளில் 15% விழும் நாட்கள் இந்த வளைவு சொல்வதைவிட அதிகமாக வருகின்றன. ஒரே பங்கின் வெவ்வேறு ஸ்ட்ரைக்குகளுக்கு ஆப் வெவ்வேறு ஐ.வி. காட்டுவது அதனால்தான். சூத்திரம் சரியாக இருந்தால் எல்லாம் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

கூகுள் ஷீட் போதும். B1 முதல் B5 வரை S, K, T, r, σ போடுங்கள். பிறகு:

```
B6: =(LN(B1/B2)+(B4+B5^2/2)*B3)/(B5*SQRT(B3))
B7: =B6-B5*SQRT(B3)
B8: =B1*NORM.S.DIST(B6,TRUE)-B2*EXP(-B4*B3)*NORM.S.DIST(B7,TRUE)
B9: =NORM.S.DIST(B7,TRUE)
```

B8 விலை. B9 ஸ்ட்ரைக்கைத் தாண்டும் வாய்ப்பு. விலையைக் குறித்துக்கொண்டு, B2-இல் ஸ்ட்ரைக்கோடு பிரீமியத்தைக் கூட்டிப் போட்டால் B9 லாப வாய்ப்பைக் காட்டும். 1000, 1050, =1/12, 0.06, 0.30 போட்டு 17.35 வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். T-ஐ நாட்களாகவோ, வட்டியை 6 என்றோ போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அப்படிப் போட்டால் விலை நூற்றுக்கணக்கான ரூபாயில் வந்து நிற்கும். பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஒரு பொத்தானில் 6 லட்ச ரூபாய் பங்குகளுக்கான ஆர்டரை எடுத்துக்கொள்ளும் ஆப்களுக்கு இந்த நான்கு வரியை ஓட்டுவது ஒரு வேலையே இல்லை. டெல்டாவுக்குப் பக்கத்தில் ‘எக்ஸ்பைரியில் லாபம் வரும் வாய்ப்பு’ என்று இன்னொரு எண்ணையும் ஆர்டர் போடும் திரையிலேயே காட்ட வேண்டும். ‘10-இல் 9 பேர் நஷ்டம்’ என்ற பொதுவான எச்சரிக்கையை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம், அது மற்றவர்களைப் பற்றியது என்ற நினைப்பில். ‘நீங்கள் இப்போது வாங்கும் இந்த ஆப்ஷனுக்கு 23%’ என்று எழுதியிருந்தால், கை கொஞ்சம் யோசிக்கும். அதை எல்லா ஆப்களுக்கும் கட்டாயமாக்கும் இடத்தில் செபி இருக்கிறது.

அதுவரை, B9 உங்கள் கையில்.